ஒரகடம் குவாலிட்டி இன்ஜினியர் வேலை: உங்களுக்கு நன்றி

வணக்கம் மேடம்,

நேற்று மாலை நீங்கள் போன் செய்தபோது "சரிங்க மேடம், பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஷாப் ஃப்ளோரில் நின்றிருந்தேன், மனசும் கனத்துப் போயிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது ராத்திரி முழுக்க உறுத்தியது.

வேலை கிடைக்காததில் வருத்தம் இல்லை என்றால் அது பொய். ஆனால் தேர்வானவருக்கு அலுமினியம் காஸ்டிங்கில் எட்டு வருட அனுபவம் என்றீர்கள். எனக்கு மெஷினிங் மட்டும்தான் தெரியும். அவர்கள் முடிவு நியாயமானது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 14 மாதம் நான் வீட்டில் இருந்ததை, ரெஸ்யூமில் மாதத்தைப் போடாமல் வருடத்தை மட்டும் போட்டு மறைத்திருந்தேன். நீங்கள்தான் கண்டுபிடித்து, "இதுல மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்டு, 'தந்தையின் சிகிச்சைக்காக வீட்டில் இருந்தேன்' என்று ஒரே வரியில் எழுத வைத்தீர்கள். கம்பெனி எச்.ஆரிடமும் முன்கூட்டியே பேசி வைத்தீர்கள். இதற்கு முன் போன மூன்று இன்டர்வியூவிலும் அந்தக் கேள்வி வந்ததுமே எனக்கு நாக்கு வறண்டுவிடும். இந்தத் தடவை பேனலில் யாரும் அதைக் கிளறவில்லை. வேலையைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு வெளியே வந்தேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, தட்டுத் தடுமாறி அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணுக்கு... நன்றி சொன்னியா?"

நைட் ஷிஃப்ட் வாரம் என்று தெரிந்ததும் இன்டர்வியூ தேதியை மாற்றிக் கொடுத்தது, முந்தின நாள் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டு பி.பி.ஏ.பி. பற்றி என்ன கேட்பார்கள் என்று சொன்னது, எதையும் மறக்கவில்லை. எங்கே சறுக்கினேன் என்று நேற்று வெளிப்படையாகச் சொன்னதற்கும் நன்றி. வேறு யாரும் அதைச் சொன்னதில்லை. Cpk சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் புதுப் பார்ட்டின் ஆரம்ப ஆய்வுக்கு 1.67 எதிர்பார்க்கிற இடத்தில் 1.33 என்று சொன்னது என் தவறுதான். இன்று காலை எங்கள் லைனிலேயே ஒரு போர் சைஸுக்கு ரீடிங் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். கணக்கை நானே போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் நிற்கும்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மெஷினிங் சார்ந்து எது வந்தாலும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் 60 நாள்தான், அதில் மாற்றம் இல்லை.

இன்னொன்று. சி.எம்.எம். ஆபரேட்டர் கிடைக்காமல் அலைவதாகச் சொன்னீர்களே, எங்கள் லேபில் ஒரு தம்பி இருக்கிறான். மூன்று வருட அனுபவம், கை சுத்தம். சென்னைக்கு வரத் தயார் என்கிறான். நீங்கள் சரி என்றால் இன்று இரவே அவன் ரெஸ்யூமை அனுப்பச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
செந்தில்
கோயம்புத்தூர்