மாடவீதி டிபன் சேனல் பேனருக்கான பிராம்ப்ட்டுகள்

தம்பி, அக்கா சேனலுக்கு மூன்று பிராம்ப்ட் எழுதியிருக்கிறேன். அப்படியே எடுத்துப் போடு. போடும் முன் அளவை மட்டும் மனசில் வைத்துக்கொள். யூடியூப் பேனர் 2560-க்கு 1440 பிக்சல். டிவியில் அது முழுசாக வரும். கம்ப்யூட்டரில் நடுவில் 423 உயரத்துக்கு ஒரு பட்டைதான். போனில் அந்தப் பட்டையும் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு 1546-க்கு 423 மிஞ்சும். போன மாசம் ஒரு துணிக்கடைக்குச் செய்ததில் பொம்மைக்குத் தலை டிவியில்தான் இருந்தது. போனில் வெறும் இடுப்பு.

படம் வரையும் கருவியிடம் பிக்சல் கணக்கு சொல்லிப் பிரயோஜனமில்லை, பங்காகச் சொன்னால் ஓரளவு கேட்கும். நடுவில் என்ன இருக்கணும் என்று மட்டும் சொல்லி விட்டால், ஓரத்தில் அதுவாகவே தூக்குவாளி, பூக்கூடை, பூனை என்று நிரப்பிவிடும். அதனால் ஓரத்துக்குத்தான் அதிக வரி எழுதியிருக்கிறேன்.

முதல் பிராம்ப்ட்: இட்லித் தட்டு

16:9 அகலப் புகைப்படம். மயிலாப்பூரில் ஒரு சின்ன டிபன் கடை, காலை ஆறரை மணி வெளிச்சம். நீளமான மர மேஜையைக் கண் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து, நேர் எதிரே பார்க்கும் கோணம். மேஜை மேல் வாழையிலையில் நாலு இட்லி, இரண்டு மெதுவடை, கிண்ணத்தில் தேங்காய்ச் சட்னி, பித்தளை டபராவில் நுரை தளும்பும் ஃபில்டர் காபி. எல்லாம் ஒரே வரிசையில், தாழ்வாக. இந்த வரிசை முழுவதும் படத்து உயரத்தின் நடு நாலில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். அகலத்தில் படத்தின் மையத்தில் தொடங்கி, வலப்பக்கப் பாதியின் நடு வரை மட்டும். மையத்துக்கு இடப்பக்கம், அதே உயரத்தில், எந்தப் பொருளும் இல்லாத சமமான சுவர். மேல் மூன்றில் ஒரு பங்கு: வெளிர்நீலச் சுண்ணாம்புச் சுவர், ஜன்னல் கம்பியின் மங்கலான நிழல் மட்டும். கீழ் மூன்றில் ஒரு பங்கு: மேஜையின் முன்பலகை, தேய்ந்த மர ரேகை. இடது வலது ஓரங்களில் அதே சுவரும் மேஜையும் தொடரட்டும். பாத்திரம், ஆள், விளக்கு வேண்டாம். படத்தில் எங்கும் எழுத்தோ லோகோவோ வேண்டாம்.

இடப்பக்க வெற்றிடம் சேனல் பெயருக்கு. கருவியைத் தமிழ் எழுத விடாதே, கொம்பும் சுழியும் எங்கெங்கோ முளைக்கும். பெயரை நீயே இரண்டு வரியாகப் போடு. ‘வீ’, ‘தி’, ‘டி’ மூன்றுக்கும் மேலே சுழி வருவதால் பட்டையின் மேல் விளிம்பிலிருந்து 40 பிக்சலாவது இறக்கி வை.

இரண்டாவது பிராம்ப்ட்: குளக்கரை

அக்காவுக்குக் கோபுரம் வந்தே ஆகணுமாம். கோபுரம் நெட்டை, நமக்கிருப்பதோ ரிப்பன். கிட்ட நின்று எடுத்தால் போனில் நாலு சிற்பம்தான் தெரியும். அதனால் தூரமாகப் போய்விட்டேன்.

16:9 அகலப் படம், மென்மையான வாட்டர்கலர் பாணி. கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே பார்க்கும் விடியற்காலைக் காட்சி. கோபுரம் தூரத்தில் சிறியதாக, அடி முதல் கலசம் வரை முழுவதும், படத்து உயரத்தின் நடு நாலில் ஒரு பங்குக்குள். மையத்துக்குச் சற்று வலப்பக்கம். கோபுரத்துக்குக் கீழே குளத்துப் படிகளின் கிடைக்கோடுகள். மேல் மூன்றில் ஒரு பங்கு: மேகமில்லாத ஆரஞ்சு வானம், பறவை வேண்டாம். கீழ் மூன்றில் ஒரு பங்கு: அசையாத நீர், கோபுரத்தின் மங்கிய பிம்பம் மட்டும். இடது வலது ஓரங்களில் வானம், படி, நீர் தவிர வேறொன்றும் வேண்டாம். எழுத்து வேண்டாம்.

நீரில் விழும் பிம்பம் டிவிக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் உபரி. வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை.

மூன்றாவது பிராம்ப்ட்: திருத்தம்

இந்தப் படத்தின் நடுப்பகுதியை மாற்றாதே: அகலத்தில் நடு ஐந்தில் மூன்று பங்கு, உயரத்தில் நடு மூன்றில் ஒரு பங்கு. அதற்கு வெளியே உள்ள பொருள்களை நீக்கி, பக்கத்தில் இருக்கும் அதே நிறத்தையும் வெளிச்சத்தையும் நீட்டி நிரப்பு. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே கோடு தெரியக் கூடாது.

முதலிரண்டில் ஒரே ஒரு கரண்டி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் மொத்தப் படத்தையும் மறுபடி போடாமல் இதை ஓட்டு.

படம் வந்ததும் 2560-க்குப் பெரிதாக்கி, இடமும் வலமும் 507, மேலும் கீழும் 508 தள்ளிக் கோடு போட்டுப் பார். காபி நுரை கோட்டைத் தொட்டால்கூட நிராகரி. ஃபைல் 6 எம்பிக்குள் இருக்கணும். ராத்திரி பதினோரு மணி வரை முழித்திருப்பேன். முழுப் படம் அப்புறம், முதலில் போன் வெட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அக்கா பார்ப்பது அதில்தான்.