மருதமுனைக் கைத்தறிச் சேலை அன்பளிப்பு: விதிமுறைகளும் முடிவுத் திகதியும்

மருதமுனை நெசவாளர் ஒருவரின் வீட்டுத் தறியில் சேலையொன்று பாவு ஓட்டுவது முதல் முந்தானை வரை உருவாகும் விதத்தை இக்காணொளி காட்டுகிறது. அதே தறியில் நெய்த மூன்று சேலைகளை எமது சொந்தப் பணத்தில் வாங்கியுள்ளோம். மூன்று பார்வையாளர்களுக்கு ஆளுக்கொன்றாக அவை வழங்கப்படும்.

காணொளியில் வரும் சேலையின் கரைக்கு எந்த இரு நிற நூல்கள் சேர்க்கப்பட்டன என்பதைக் கருத்துப் பகுதியில் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு கருத்து மட்டுமே. கருத்து எப்போது திருத்தப்பட்டது என்பதை எம்மால் பார்க்க முடியாது என்பதால், திருத்தப்பட்டவை சேர்க்கப்படமாட்டா. பிழை நேர்ந்தால் அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவிடுங்கள். கட்டணமோ கொள்வனவோ தேவையில்லை. விருப்பக்குறி இடுவதும் சனலில் இணைவதும் உங்கள் விருப்பம். அவை தெரிவைப் பாதிக்கா.

இலங்கையில் வசிக்கும், 18 வயது நிறைந்த எவரும் பங்குபற்றலாம். எமது குழுவினரும் நெசவாளரின் வீட்டாரும் பங்குபற்ற முடியாது. வெளிநாட்டில் வாழும் உறவுகள் மன்னிக்க வேண்டும். கடல் கடந்து பொதி அனுப்பும் செலவை இம்முறை எம்மால் ஏற்க இயலவில்லை.

முடிவு நேரம் 04.04.2026 சனிக்கிழமை இரவு 9 மணி, இலங்கை நேரம். சரியான விடைகளிலிருந்து 07.04.2026 செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு நேரலையில் குலுக்கல் முறையில் மூவர் தெரிவாவர். அவர்கள் 48 மணித்தியாலங்களுக்குள், சனலின் அறிமுகப் பகுதியிலுள்ள மின்னஞ்சலுக்கு எழுதி, நாம் அனுப்பும் சொல்லைத் தமது கருத்தின் கீழ் அதே கணக்கிலிருந்து பதிலாக இட வேண்டும். தவறினால் வேறொருவர் தெரிவாவார்.

தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள். எமது சனலின் பெயரையும் படத்தையும் போட்டு, "நீங்கள் வென்றுவிட்டீர்கள், தபால் செலவை அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப் இலக்கத்துடன் எவரேனும் பதிலிட்டால், அது மோசடி. நாம் பணமோ வங்கி விபரமோ அடையாள அட்டைப் படமோ கடவுச்சொல்லோ ஒருபோதும் கேட்கமாட்டோம். பதிவுத் தபால் செலவும் எம்முடையதே. ஏழைக் குடும்பமொன்றின் நூறு ரூபாயேனும் எம் பெயரால் பறிபோகக் கூடாது. அத்தகைய பதில்களைக் கண்டால் உடனே யூடியூப்பில் முறையிடுங்கள்.

இந்த அன்பளிப்பை நடத்துவது எமது சனல் மட்டுமே. யூடியூப் இதன் அனுசரணையாளர் அல்ல. இதை நடத்துவதிலோ வெற்றியாளரைத் தெரிவு செய்வதிலோ அதற்கு எந்தப் பங்கும் இல்லை. பங்குபற்றுவோர், இந்த அன்பளிப்புத் தொடர்பான சகல பொறுப்புகளிலிருந்தும் யூடியூப்பை விடுவிப்பதாக ஏற்றுக்கொள்கின்றனர். கேள்விகளையும் முறைப்பாடுகளையும் எமக்கே அனுப்புங்கள். யூடியூப் சமூக வழிகாட்டுதல்களை மீறும் கருத்துகள் நிராகரிக்கப்படும்: https://www.youtube.com/t/community_guidelines

வெற்றியாளர்களிடம் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் மட்டுமே பெறப்படும். பொதி கிடைத்ததும் அவை அழிக்கப்படும். சேலைக்குப் பதிலாகப் பணம் வழங்கப்படமாட்டாது. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் கிடைக்க வேண்டும் என்பதே எமது விருப்பம் என்பதால், முகவரி கிடைத்த மறுநாளே கல்முனையிலிருந்து தபாலில் சேர்ப்போம்.