யாப்பிலக்கண வகுப்புல சேர அனுமதி வேணும் மேடம் (மூணாம் வருஷம், தமிழ்)

வணக்கம் மேடம்,

நான் தேவிகா, மூணாம் வருஷம். இந்த செமஸ்டர் யாப்பிலக்கணம் எடுக்கணும்னு ரெஜிஸ்டர் பண்ணப் போனா ரெண்டு விதத்துல தடுக்குது. ஒண்ணு, 20 சீட்டும் ஃபுல். இன்னொண்ணு, முதல் வருஷத்து எழுத்து-சொல் இலக்கணம் முடிச்சிருக்கணுமாம், நான் முடிக்கல. ஏன்னா முதல் வருஷம் ஃப்ரெஞ்ச்ல இருந்துட்டு ரெண்டாம் வருஷம்தான் தமிழுக்கு மாறினேன், அப்போ அந்த வகுப்பு என் மத்த ரெண்டு பாடத்தோட நேரத்துலயே மோதிச்சு, இந்த வருஷம் எடுக்கலாம்னு தள்ளிப்போட்டது என் தப்புதான். இப்போ அதுல சேர்ந்துட்டேன், செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு. ரெண்டையும் சேர்த்தே படிக்க விடுங்கன்னுதான் கேக்குறேன். யாப்பு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்குது, அடுத்த தடவை வரும்போது நான் டிகிரி முடிச்சு போயிருப்பேன்.

அடிப்படை சுத்தமா தெரியாம கேக்கல மேடம். அம்மா கும்பகோணம், அப்பா இங்க ரோஸ்ஹில், வீட்ல பாதி தமிழ் பாதி கிரியோல். எச்.எஸ்.சி.ல தமிழ் எடுத்தேன். அசை பிரிக்கிறது அம்மா சொல்லிக்குடுத்தது, இப்போ மெட்ரோல வரும்போது ஸ்டேஷன் பேரையெல்லாம் பிரிச்சுப் பாக்குறதே எனக்கு பொழுதுபோக்கு. ரோஸ்ஹில் நேர்-நேர், தேமா. ரெதுயி நிரை-நேர், புளிமா. எபென் ஒரே நிரை, அதனால மலர். "ரோஸ்ஹில் ரெதுயி எபென்"னு வச்சா மாமுன் நிரை ரெண்டு தடவையும் சரியா வருது, வெண்பாவோட கடைசி அடியாவே நிக்கும், ஸ்டேஷன் வரிசைதான் தப்பு! மொரிசியஸ் கருவிளம். இதுல தப்பு இருந்தா நீங்களே சொல்லுங்க, ஆனா ஆசிரியப்பா, கலிப்பா பக்கம் போனா எனக்கு ஒண்ணும் ஓடல, தொடைன்னா மோனை எதுகை தாண்டி தெரியாது, அதுக்குத்தான் இந்த வகுப்பு.

சந்தேகம் இருந்தா ஒரு சின்ன டெஸ்ட் வைங்க, வாய்மொழியாவோ எழுதியோ, நான் ரெடி. முதல் மாசம் பின்தங்குனா நானே விலகிடுறேன்.

சீட் விஷயத்துல, வெயிட்டிங் லிஸ்ட்ல ரெண்டாவது நான். யாராச்சும் விட்டாங்கன்னா பாருங்க, இல்லன்னா பின்னாடி ஒரு நாற்காலி போட்டுக்குறேன், அந்த ரூம்ல ஜன்னல் பக்கம் இடம் இருக்கு (போன வாரம் எட்டிப் பாத்தேன், தப்பா நினைக்காதீங்க). எனக்கு முன்னாடி இருக்கிற பொண்ணோட இடத்தை நான் கேக்கல.

நீங்க கையெழுத்து போட்டாதான் ஆபீஸ்ல சேர்ப்பாங்களாம், கடைசி நாள் வர்ற வெள்ளிக்கிழமை. ஃபார்ம், மார்க் ஷீட் ரெண்டும் இதோட அனுப்பியிருக்கேன். புதன் மதியம் 1 மணிக்கு மேல நான் காலேஜ்லதான் இருப்பேன், வரச்சொன்னா வந்துடுறேன்.

நன்றி மேடம்,
தேவிகா