சனிக்கிழமை பிராக்டீஸ் தாள் 7: சுருக்கி வரைதல், மொழிபெயர்ப்பு

மக்கா, போன வாரத் தாளை திருத்தி முடிச்சாச்சி. 22 பேரு எழுதுனதுல 16 பேரு பத்தியோட முதல் பாதிய எடுத்து வச்சிட்டு ஒரு முற்றுப்புள்ளி குத்தி தந்துருக்கிய. அது சுருக்கம் இல்ல, தேங்காய உடைச்சி ஒரு மூடிய மட்டும் நீட்டுன மாதிரி. முழுத் தேங்காயும் துருவணும், அப்புறம் பால் மட்டும் பிழிஞ்சி தரணும். குரூப் 2 மெயின்ஸ்ல தமிழ் தகுதித் தாள் பாஸ் ஆகலன்னா அடுத்த பொது அறிவுத் தாளை திருத்தவே மாட்டாவ, அதனால "தமிழ் தானே"ன்னு யாரும் அசால்ட்டா இருக்காதிய.

அதே பத்திய இன்னொரு தடவ தாரேன். பத்தாம் வகுப்பு புவியியல்ல வார காலநிலை பாடத்த வச்சி, நம்ம ஊரையும் சேத்து நா எழுதுனது.

பத்தி 1 (72 சொற்கள்)

இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து ஈரப்பதத்துடன் வரும் இக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்துகிறது. மலையில் மோதி மேலெழும் காற்று குளிர்ந்து, மேற்குச் சரிவில் கனமழையாகப் பொழிகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுவதால், தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியாக அமைகிறது. அங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே முதன்மையான மழையைத் தருகிறது. கன்னியாகுமரி மாவட்டமோ இரண்டு பருவக்காற்றுகளாலும் மழை பெறுகிறது. அதனால் மாவட்டத்தின் மலையோரப் பகுதியில் ரப்பர், கிராம்பு போன்ற பயிர்களும், தாழ்வான பகுதிகளில் நெல், வாழை, தென்னையும் விளைகின்றன.

உங்கள்ல ஒருத்தர் எழுதுனது இது, பேரு சொல்ல மாட்டேன்:

"இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரப்பதத்துடன் வரும் காற்றை மலை தடுக்கிறது. மேற்குச் சரிவில் கனமழை பொழிகிறது."

19 சொல்லு, எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்ல, கையெழுத்தும் முத்து முத்தா இருக்கு. ஆனா வடகிழக்குப் பருவக்காற்று எங்க போச்சி, குமரி மாவட்டம் எங்க போச்சி? பத்தி எத நோக்கி போகுதோ அந்த இடத்துக்கு வண்டி போய் சேரவே இல்ல, தக்கலையிலயே இறங்கியாச்சி.

இனி நா சொல்லுத மாதிரி செய்ங்க. பென்சில எடுத்து பத்தியில உள்ள மூட்டு எழுத்துகள மட்டும் வட்டம் போடுங்க. குறைந்துவிடுவதால்னு வாரதுல "ஆல்", பருவக்காற்றேன்னு வாரதுல "ஏ", மாவட்டமோன்னு வாரதுல "ஓ", அப்புறம் "அதனால்". மொத்தம் நாலு வட்டம் தான், ஆனா பத்தியோட எலும்புக்கூடு முழுசும் அதுல தான் நிக்குது. "ஆல்" காரணத்த சொல்லுது, "ஏ" இதுதான் முக்கியம்னு அழுத்துது, "ஓ" வந்தா இவ்வளவு நேரம் சொன்னதுக்கு மாறா ஒண்ணு வரப்போகுதுன்னு அர்த்தம். மூட்டு இல்லாத வரி பூராவும் சதை, மாசத்தோட பேரு, பயிரோட பேரு, காத்து எப்படி மேல ஏறி குளிருதுங்கிற விவரம், இதெல்லாம் தள்ளிரலாம். கிராம்ப விட்டா மார்க்கு போகாது, "ஓ"வ விட்டா போயிரும்.

இப்ப நா எழுதுனது, தலைப்போட:

இரு மழை பெறும் குமரி

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுப்பதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே நம்பியுள்ளது. கன்னியாகுமரி மாவட்டமோ இரு பருவங்களிலும் மழை பெறுவதால் அங்கு பலவகைப் பயிர்கள் விளைகின்றன.

எண்ணிப் பாருங்க, 21 சொல்லு. மூணுல ஒரு பங்குன்னா 24 வரைக்கும் போலாம், மூணு சொல்லு மிச்சம் இருக்கேன்னு "இயற்கை எழில் கொஞ்சும்"னு எதையும் சொருவிராதிய. பத்தியில இல்லாத கருத்த நீங்களா சேக்கவும் கூடாது. ஒரு பிள்ள கடைசில "எனவே நாம் மரம் வளர்ப்போம்"னு எழுதியிருக்கு. நல்ல எண்ணம் தான், ஆனா பத்தியில எவனும் மரத்த பத்தி பேசல.

அடுத்து மொழிபெயர்ப்பு. இதுலயும் அதே மூட்டுதான் விஷயம். தமிழ்ல மூட்டு வால்ல இருக்கும், இங்கிலீஷ்ல தலையில வந்து உக்காரும். "தடுப்பதால்"னு நாம கடைசில சொல்லுதத அவன் "பிகாஸ்"னு முன்னால வச்சிருவான். "அரபிக்கடலிலிருந்து வரும் காற்று"ன்னு நாம முதல்ல அடைமொழிய சொல்லி பொறவு காத்த சொல்லுதோம், அவன் காத்த சொல்லிட்டு "விச்" போட்டு மிச்சத்த சொல்லுவான். இது பிடிபட்டா பாதி வேலை முடிஞ்சி.

பத்தி 2 (தமிழ்ல இருந்து இங்கிலீஷ்)

மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டு, கன்னியாகுமரி மாவட்டம் உருவானது. தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகளையும் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. ஆனால் அவை கேரளத்தில் நீடித்தன. இப்போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணியை மக்கள் 'மார்ஷல்' என்று அழைத்தனர்.

எழுதுததுக்கு முன்னால சில குழிய காட்டித் தாரேன். "வட்டம்"னா இங்க தாலுக், போன தடவ ரெண்டு பேரு "சர்க்கிள்"னு எழுதி நாலு வட்டத்த வரைஞ்சி கொடுக்காத குறைதான். "சென்னை மாநிலம்" அப்ப மெட்ராஸ் ஸ்டேட், தமிழ்நாடுன்னு பேரு மாறுனது 1969ல, அதனால சென்னை ஸ்டேட்டுன்னும் எழுதாதிய தமிழ்நாடுன்னும் எழுதாதிய. மறுசீரமைப்புக்கு ரீஆர்கனைசேஷன், "நீடித்தன"வுக்கு ரிமெயின்டு.

முதல் வாக்கியம் நீளம், மூச்சு முட்டும். அத ரெண்டா உடைங்க: நாலு தாலுக்கும் மெட்ராஸோட சேந்திச்சின்னு ஒண்ணு, அதனால மாவட்டம் பிறந்திச்சின்னு ஒண்ணு. வாக்கியத்த உடைக்கது தப்பு கிடையாது, கருத்து உடையாம இருந்தா போதும். கடைசி வாக்கியத்துல அழைச்சது யாரு, மக்கள். இங்கிலீஷ்ல மக்கள் முதல்ல வரணும், நேசமணிக்கு பின்னால "ஹூ" போட்டு போராட்டத்த சொல்லணும். "நேசமணி கால்டு தி பீப்பிள் மார்ஷல்"னு எழுதுனா மொத்த மாவட்டமும் மார்ஷல் ஆயிரும்.

பத்தி 3 (இங்கிலீஷ்ல இருந்து தமிழ்)

இத கிளாஸ்ல வாசிச்சி டிக்டேஷன் போடுவேன். வர முடியாதவங்களுக்கு கேக்குத மாதிரியே தமிழ் எழுத்துல தாரேன், வாய்விட்டு படிச்சி இங்கிலீஷ்ல எழுதிக்கங்க, ஸ்பெல்லிங்குக்கும் பயிற்சி ஆச்சி.

"தி பேட்டில் ஆஃப் குளச்சல் வாஸ் ஃபாட் இன் 1741 பிட்வீன் தி ட்ராவன்கோர் ஆர்மி ஆஃப் மார்த்தாண்ட வர்மா அண்ட் தி டச் ஈஸ்ட் இண்டியா கம்பெனி. டி லெனாய், ஹூ வாஸ் டேக்கன் பிரிசனர், லேட்டர் ட்ரெயின்ட் தி வெரி ஆர்மி தட் ஹேட் டிஃபீட்டட் ஹிம். ஹி லைஸ் பரீட் இன்சைட் உதயகிரி ஃபோர்ட்."

போன பேட்ச்ல இதே பத்திக்கு ஒருத்தர் "அவர் உதயகிரிக் கோட்டைக்குள் பொய் சொல்லிப் புதைந்தார்"னு எழுதுனாரு. சிரிக்காதிய, "லைஸ்"னா பொய்னு தான மனசுல முதல்ல வரும், பக்கத்துல "பரீட்" நிக்குதத பாத்தா தான் கிடக்குததுன்னு புரியும். ஒத்தச் சொல்ல பாத்து பேனாவ வைக்கக் கூடாதுங்கது இதுக்கு தான். "வாஸ் ஃபாட்"ட "சண்டையிடப்பட்டது"ன்னு எழுதுனா தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா தமிழ்ல போர் நடக்கும், மூளும், சண்டையிடப்படாது. இன்னொண்ணு "தி வெரி ஆர்மி". இந்த "வெரி"ய "மிகவும்"னு எழுதி "மிகவும் படைக்கு"ன்னு விட்டவங்க மூணு பேரு. இங்க தான் நம்ம "ஏ" கைகொடுக்கும், அவன் தனியா ஒரு சொல்லு போட்டு அழுத்துதத நாம ஒரு எழுத்துல முடிச்சிருவோம்.

மாதிரி விடை: 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படைக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே குளச்சலில் போர் நடந்தது. சிறைபிடிக்கப்பட்ட டி லெனாய், தன்னைத் தோற்கடித்த அந்தப் படைக்கே பின்னாளில் பயிற்சி அளித்தார். அவரது உடல் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

ஒரு விஷயம், மார்த்தாண்டம் களியக்காவிளை பக்கம் உள்ள பிள்ளைகளுக்கு. வீட்டுல வெள்ளம் குடிங்க, மரச்சீனி தின்னுங்க, சக்கை வெட்டுங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல, எனக்கும் அதுதான் பேச்சு. ஆனா தாள்ல தண்ணிக்கு "நீர்"னு எழுதுங்க. "வெள்ளம்"னு எழுதுனா திருத்துதவங்க ஊர் மூழ்கிட்டுன்னு நினைச்சிருவாவ. மரச்சீனிக்கு மரவள்ளிக்கிழங்கு, சக்கைக்கு பலா.

பத்தி 4 (வீட்டுக்கு, 60 சொற்கள், 20 சொல்லுல சுருக்கி தலைப்பு போடணும்)

பரளியாற்றின் பள்ளத்தாக்கு, ஒரு குன்றில் இருந்து மறு குன்றுக்குக் கால்வாய் நீரைக் கொண்டுசெல்லத் தடையாக இருந்தது. பள்ளத்தில் இறங்கவிட்டால் நீர்மட்டம் தாழ்ந்து, மறுபக்க நிலங்களுக்குப் பாயாது. எனவே மாத்தூரில் உயரமான தூண்களை எழுப்பி, அவற்றின்மேல் தொட்டி போன்ற வாய்க்காலை அமைத்து, நீர் தன் சரிவிலேயே ஓடும்படி செய்தனர். காமராசர் ஆட்சியில் திட்டமிடப்பட்டு 1966-இல் முடிந்த இப்பாலம் 115 அடி உயரமுடையது. இதனால் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வயல்கள் பாசன வசதி பெற்றன. இன்று இப்பாலத்தின் மேல் நடந்து இயற்கையைக் காணச் சுற்றுலாப் பயணிகளும் வருகின்றனர்.

115 அடிய வைக்கணுமா தூக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, ஏன்னு பக்கத்துல ஒரு வரி எழுதுங்க, அந்த வரிக்கு தான் நா மார்க்கு போடப்போறேன். சுற்றுலாவுல "பயணிகளும்"னு ஒரு "உம்" நிக்குதத பாத்தியளா, அது கூடுதலா ஒட்டிக்கிட்டு வந்த ஆளு, அத வச்சி தலைப்பு போட்டுராதிய.

அடுத்த சனி 4 மணிக்கு நோட்டோட வாங்க, பென்சில் மறக்காண்டாம். மழை பெஞ்சி பஸ் கிடைக்கலன்னா எழுதுனத போட்டோ எடுத்து அனுப்புங்க, ஆனா நேரா புடிச்சி எடுங்க, போன வாரம் ஒருத்தர் தாள தலைகீழா படிச்சி என் கழுத்து சுளுக்கிட்டு.