பொது முகாமையாளரின் பணி விலகல்: ஊழியர் அனைவருக்கும் அறிவித்தல்

தலைமைக் காரியாலயம், யாழ்ப்பாணம்
4 மார்ச் 2026, புதன்கிழமை

அன்பான ஊழியர்களுக்கு,

எமது பொது முகாமையாளர் இம்மாதம் 31ஆம் திகதியுடன் பணியிலிருந்து விலகுகிறார். குடும்பத்தோடு கனடாவில் குடியேறப் போகிறார். விசா சென்ற வாரம்தான் உறுதியானது. அவர் தந்த கடிதத்தைப் பணிப்பாளர் சபை நேற்று மாலை ஏற்றுக்கொண்டது. காரணத்தை எழுத அவரே சம்மதித்தார். அதற்கு மேல் உள்ளது அவருடைய சொந்த அலுவல்.

இரவு முறை முடிந்து போகிறவர்களும் பகல் முறைக்கு வருகிறவர்களும் ஒன்றாக நிற்கும் நேரம் என்பதால்தான் இதைக் காலை 7 மணிக்கு வாசிக்கிறோம். கொள்வனவாளர்களுக்கும் வங்கிக்கும் 10 மணிக்குப் பிறகே சொல்வோம். குருநகர், மயிலிட்டி, பருத்தித்துறைச் சேகரிப்பு நிலையங்களில் சம்மாட்டிமாருக்கு நாளை விடியவே நேரில் சொல்லப்படும். உங்கள் வேலையிடத்துச் செய்தி துறைமுகத்தில் இருந்து உங்களுக்கு வரக்கூடாது.

ஏப்ரல் 1 முதல் உற்பத்தி முகாமையாளர் பதில் பொது முகாமையாளராகக் கடமையாற்றுவார். இது செப்டெம்பர் 30 வரையான ஒழுங்கு. நிரந்தர நியமனம் பற்றிச் சபை இன்னும் முடிவெடுக்கவில்லை; அதற்கான விண்ணப்பம் உள்ளேயும் கோரப்படும். உற்பத்திப் பகுதியை இரவு முறைத் தலைமை மேற்பார்வையாளர் பார்ப்பார்.

கையளிப்பு இன்றே தொடங்குகிறது. நண்டு, இறால் கொள்வனவு விலையை 9ஆம் திகதியில் இருந்து பதில் முகாமையாளரே தீர்மானிப்பார்; பொது முகாமையாளர் பக்கத்தில் இருப்பார். நிலையங்களில் காலையில் பலகையில் எழுதும் விலையை எவரும் தம்பாட்டில் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இப்படியான மாதத்தில் ஒரு நிலையத்தில் பத்து ரூபா வித்தியாசப்பட்டாலே, “கொம்பனி தடுமாறுது” என்ற கதைக்கு அது போதும். காசோலைக் கையொப்பம் 16ஆம் திகதி மாறும். வங்கியின் மாற்றம் இரண்டு நாள் இழுபடலாம் என்பதால், அந்த வாரச் சம்மாட்டிக் கொடுப்பனவுக்கான காசோலைகள் 13ஆம் திகதியே எழுதி வைக்கப்படும். சம்மாட்டிமார் அழைக்கும் கைத்தொலைபேசி இலக்கம் கொம்பனியுடையது; அது மாறாது, எடுப்பவர் மட்டுமே மாறுவார்.

31ஆம் திகதி மாலை குளிர் அறைத் திறப்பும் கணினிக் கடவுச்சொற்களும் மாற்றப்படும். பூட்டு மாற்றினால் உடனே களவுக் கதை கிளம்புவது வழக்கம். பொறுப்பில் இருந்த யார் போனாலும் இங்கே இதுதான் நடைமுறை. சென்ற வருடம் களஞ்சியப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றபோதும் இதையே செய்தோம். கணக்காய்வும் வழமையான காலத்தில்தான் நடக்கும், இதற்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

கொம்பனி விற்கப்படவில்லை. அவர் பணிப்பாளரும் அல்லர், பங்குதாரரும் அல்லர்; ஆகவே உரிமையில் எந்த மாற்றமும் இல்லை. இந்த விலகலை ஒட்டி எவரையும் நிறுத்தவோ இடம் மாற்றவோ போவதில்லை. சம்பளத் திகதி அதேதான். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் எமது 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு எமது 3 வீதமும் வழமைபோலக் கட்டப்படும். சித்திரைப் புதுவருடக் கொடுப்பனவு ஏப்ரல் 8, புதன்கிழமை கிடைக்கும். பொது முகாமையாளர் வாயால் சம்மதித்த விடுமுறை, முற்பணம், முறை மாற்றம் ஏதும் இருந்தால் 20ஆம் திகதிக்குள் மனிதவளப் பகுதியில் எழுத்தில் பதியுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். அவர் போன பிறகு “சேர் ஓம் எண்டவர்” என்று சொன்னால், நம்பினாலும் எங்களால் செய்து தர முடியாமல் போகலாம்.

இந்த அறிவித்தல் இரகசியம் அல்ல, வீட்டில் காட்டலாம். வெளியில் யாராவது கேட்டால் இவ்வளவு சொன்னால் போதும்: “அவர் குடும்பத்தோடு கனடா போகிறார், உற்பத்தி முகாமையாளர் பார்க்கிறார், கொள்வனவும் கொடுப்பனவும் அப்படியே நடக்கும்.” கொள்வனவாளரோ வங்கியோ இதற்கு மேல் கேட்டால் பதில் சொல்ல முயலாமல், பெயரையும் இலக்கத்தையும் குறித்துக் காரியாலயத்துக்குத் தாருங்கள். வட்ஸ்அப் குழுவில் வேறு கதை வந்தால் அங்கே வாதாடவும் வேண்டாம், மற்றவருக்கு அனுப்பவும் வேண்டாம். மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். அன்று மாலைக்குள் உண்மை என்ன என்று அறிவித்தல் பலகையில் எழுதுவோம். எமக்கே தெரியாவிட்டால் அதையும் எழுதுவோம்.

நாளை பிற்பகல் 3 மணிக்குப் பகல் முறையினரையும், இரவு 7 மணிக்கு இரவு முறையினரையும் சாப்பாட்டு அறையில் சந்திப்போம். பொது முகாமையாளரும் பதில் முகாமையாளரும் இரண்டுக்கும் வருவார்கள். எழும்பிக் கேட்கத் தயங்குபவர்கள் வரவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் பெயரில்லாமல் எழுதிப் போடலாம்.

எட்டு வருடம் இந்தக் கொம்பனியைத் தாங்கியவருக்கு 31ஆம் திகதி பிற்பகல் 3.30க்குத் தேநீர் விருந்து. செலவு கொம்பனியுடையது, எவரும் காசு சேர்க்க வேண்டாம். அன்று நண்டுத் தசை எடுக்கும் மேசைகள் 3 மணிக்கு நிற்கும், அந்த ஒரு மணித்தியாலச் சம்பளம் வெட்டப்படாது.

முகாமைப் பணிப்பாளர்