உத்தரவாதக் காலத்தினுள் பழுதடைந்த கைக்கடிகாரத்தை இலவசமாகத் திருத்தித் தரக் கோரல்

க. சிவரூபன்,
உப்புவெளி,
திருகோணமலை.
2025 ஒக்டோபர் 06

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

தங்கள் நிறுவனத் தயாரிப்பான குவாட்ஸ் கைக்கடிகாரம் ஒன்றை (வரிசை இலக்கம் 4071862) 2025 ஜனவரி 11 ஆம் திகதி திருகோணமலை நகரிலுள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் 38,500 ரூபாவுக்கு வாங்கினேன். உத்தரவாதம் இரண்டு வருடங்கள். கடை முத்திரையும் திகதியும் இட்ட உத்தரவாத அட்டை என்னிடம் உள்ளது. அதன்படி 2027 ஜனவரி வரை இது தங்கள் பொறுப்பில் உள்ள பொருள்.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் பழுது தொடங்கியது. முதலில் நாளுக்குச் சில நிமிடங்கள் பிந்தியது. பிறகு விநாடி முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வந்து நின்று, மேலே ஏற முடியாமல் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கும். கையை ஆட்டினால் இரண்டொரு சுற்று ஓடும், திரும்பவும் அங்கேயே நிற்கும். இது மட்டுமென்றால் பற்றரி இறங்கிவிட்டது என்று நானும் நினைத்திருப்பேன். அதே கிழமையில் கண்ணாடியின் உட்பக்கம், ஆறாம் எண்ணுக்குக் கீழே, பிறை வடிவில் ஆவி படியத் தொடங்கியது. குளிரூட்டிய அறைக்குள் போனால் படியும், வெயிலுக்கு வந்தால் மறையும். உள்ளே ஈரம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நகரில் நீண்ட காலமாக மணிக்கூடு திருத்தும் ஒருவரிடம் காட்டினேன். கண்வில்லையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை நான் திறந்தா கொம்பனிக்காரன் உங்களைத்தான் பிழை சொல்லுவான், அப்பிடியே அனுப்புங்கோ" என்று திருப்பித் தந்துவிட்டார். ஆகவே, வாங்கிய நாளிலிருந்து விற்பனையாளரிடம் ஒப்படைக்கும் வரை அதன் பின்மூடியைத் தங்கள் நிலையத்துக்கு வெளியே எவரும் திறக்கவில்லை.

செப்டெம்பரில் விற்பனையாளர் ஊடாகத் தங்கள் கொழும்புச் சேவை நிலையத்துக்கு அனுப்பினேன். "ஈரப்பதம் உட்சென்றுள்ளது, உத்தரவாதத்தில் அடங்காது" என்ற ஒரு வரியுடனும் 11,800 ரூபாவுக்கான மதிப்பீட்டுடனும் அது திருத்தப்படாமலே திரும்பி வந்தது. தொலைபேசியில் விளக்கம் கேட்டபோது பேசியவர், "திருகோணமலைதானே, கடலில் குளித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் கன்னியாவில் குளித்திருப்பீர்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், குறை சொல்லவில்லை. ஆனால் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பது ஒரு பொருளைப் பாழாக்கியதற்கு ஆதாரமாகிவிடாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் வருடத்தில் ஒருமுறைகூடக் கடலில் இறங்குவதில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு உறவினர் யாராவது வெளியூரிலிருந்து வந்தால்தான் போவோம். இந்தக் கைக்கடிகாரம் கடல்நீரையும் காணவில்லை, வெந்நீரையும் காணவில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரும் வியர்வையும் மட்டுமே அதன்மேல் பட்டவை. பழுது தொடங்கிய ஆகஸ்டில் இங்கு மழைகூட இல்லை. எங்களுக்கு மாரி ஐப்பசி, கார்த்திகையில்தான்.

சரி, நீர் பட்டது என்றே வைத்துக்கொள்வோம். பின்மூடியில் தாங்களே 10 பார் என்று பொறித்திருக்கிறீர்கள். அது 100 மீற்றர் ஆழத்து நீர் அழுத்தத்துக்குச் சமமான சோதனை அளவு. அந்த ஆழத்துக்குச் சுழியோடலாம் என்பது அதன் பொருள் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மழை, கை கழுவல், சாதாரண நீச்சல் ஆகியவற்றைத் தாங்கவேண்டும் என்பதே அதன் குறைந்தபட்சப் பொருள். தங்கள் கையேடும் இதையே சொல்கிறது. கண்ணாடி கீறவில்லை, உடலில் அடிபட்ட தடயம் இல்லை, திருகுமுடி முழுமையாக உள்ளே அழுத்தியபடியே இருந்தது. இந்த நிலையில் ஈரம் உள்ளே போயிருந்தால் பின்மூடியிலோ திருகுமுடியிலோ உள்ள இறப்பர் வளையம் சரியாக அமரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அந்த வளையத்தை இட்டது தங்கள் தொழிற்சாலை. "உற்பத்தியிலும் பொருத்துதலிலும் உள்ள குறைபாடுகள்" உத்தரவாதத்தில் அடங்கும் என்று அட்டையின் இரண்டாம் பந்தி கூறுகிறது. அடங்காதவை எனக் கூறப்பட்டுள்ள பற்றரி, கண்ணாடி, பட்டி ஆகிய மூன்றிலும் நான் எதையும் கேட்கவில்லை.

என் சொல்லை மட்டும் நம்பும்படி கேட்கவும் இல்லை. கடல்நீர் புகுந்திருந்தால், அது காய்ந்த பின் உப்புப் படிவு இருக்கும். உருக்குப் பாகங்களிலும் பற்றரி முனைகளிலும் அரிப்பு தெரியும். மூடியைத் திறந்து, அந்த இடங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உப்பு இருந்தால் 11,800 ரூபாவையும் மறு பேச்சின்றிக் கட்டுகிறேன். தங்கள் நிலையம் அனுப்பிய ஒற்றை வரியில் எந்தப் பாகம் பழுது, ஈரம் எந்த வழியாக வந்தது, அழுத்தச் சோதனை செய்யப்பட்டதா என்ற எதுவுமே இல்லை. 11,800 ரூபா கேட்பவர்கள் அதற்கு ஒரு காரணமும் எழுத வேண்டாமா?

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான்: கைக்கடிகாரத்தை மீண்டும் பரிசோதித்து, பழுதடைந்த இயந்திரப் பகுதியையும் இறப்பர் வளையங்களையும் கட்டணம் எதுவுமின்றி மாற்றித் தர வேண்டும். வேலை முடிந்தபின் 10 பார் அழுத்தச் சோதனை செய்து அதன் முடிவை எழுத்தில் தர வேண்டும். போகவர ஆகும் கூரியர் செலவையும் தாங்களே ஏற்க வேண்டும். முதல் தடவை அனுப்பிய செலவை நானே கொடுத்துவிட்டேன், அதைத் திருப்பிக் கேட்கவில்லை. திருத்த முடியாது என்றால் அதே வகையைச் சேர்ந்த புதியதொன்றைத் தருவதே முறை.

நான் ஓர் ஆசிரியன். அடுத்த மாதம் உயர்தரப் பரீட்சை மேற்பார்வைக் கடமை இருக்கிறது. மண்டபத்துக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோக முடியாது, அங்கு என் கையில் ஓடும் மணிக்கூடு ஒன்று வேண்டும். எனவே இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் தங்கள் முடிவை எழுத்து மூலம் அறியத் தாருங்கள். சம்மதமென்றால் எங்கு ஒப்படைக்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். கடை வழியாகவா, நேரடியாகக் கூரியரிலா என்பதில் எனக்கு வேறுபாடு இல்லை.

அந்தக் காலத்தினுள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் இந்த ஆவணங்களோடு முறையிடுவேன். இதை மிரட்டலாக எழுதவில்லை. கச்சேரிக்கு அலைந்து திரிவதைவிட இந்தக் கடிதத்தோடு விஷயம் முடிவதே எனக்கும் விருப்பம். தங்கள் தயாரிப்பில் முன்பு ஒன்றைப் பல வருடம் ஒரு குறையுமின்றிக் கட்டியவன் என்பதால்தான் இந்த முறையும் அதே பெயரைத் தேடி வாங்கினேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. சிவரூபன்

இணைப்புகள்: கொள்வனவுப் பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாத அட்டையின் இரு பக்கப் பிரதி, சேவை நிலையத்தின் மதிப்பீட்டுத் துண்டு, கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்த நிலையில் எடுத்த படங்கள், பின்மூடியின் படம்.
பிரதி: விற்பனையாளர், திருகோணமலை.