திருத்தணி சார்பு நீதிமன்றத்தில் தாக்கலாகும் பாகப்பிரிவினைப் பிராது

திருவள்ளூர் மாவட்டம், திருத்தணி சார்பு நீதிமன்றம் முன்பாக
அசல் வழக்கு, 2024

சரோஜா, வயது 64, காலஞ்சென்ற கோவிந்தன் மகள், ஆர்.கே.பேட்டை
… வாதி

எதிர்

1. பத்மா, வயது 65, காலஞ்சென்ற ஏழுமலை மனைவி
2. குமரன், வயது 42, மேற்படி ஏழுமலை மகன்
3. தேவி, வயது 39, மேற்படி ஏழுமலை மகள்
4. ராமலிங்கம், வயது 62, காலஞ்சென்ற வள்ளி கணவர்
5. கவிதா, வயது 36, மேற்படி வள்ளி மகள்
6. முருகன், வயது 33, மேற்படி வள்ளி மகன்
7. தணிகாசலம், வயது 58, காலஞ்சென்ற கோவிந்தன் மகன்
8. தினேஷ், வயது 30, மேற்படி தணிகாசலம் மகன்
… பிரதிவாதிகள்

1 முதல் 3 வரையிலும் 7, 8 ஆகியோரும் பள்ளிப்பட்டு வட்டம் பொதட்டூர்பேட்டையில் வசிக்கிறார்கள். 4 முதல் 6 வரை ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டம் நகரியில் வசிக்கிறார்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 7, விதி 1-ன் கீழ் வாதி தாக்கல் செய்யும் பிராது

1. வாதியின் தகப்பனார் கோவிந்தனே இந்தக் குடும்பத்தின் மூல புருஷர். அவருக்கும் அவருடைய சகோதரர்களுக்கும் இடையே 1948-ல் பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மூலம் தாவா நிலங்களும் வீட்டு மனையும் அவர் பங்கில் விழுந்தன. அவை அவருடைய தகப்பனார் முனிசாமி வழியாக வந்த பூர்வீகச் சொத்துகள். பத்திரம் பதிவான காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றச் சட்டப்படி 1.4.1960 முதல் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நகரிப் பக்கம் ஆந்திராவிலேயே நின்றது. ஒரே பத்திரத்தில் கண்ட சொத்துகளில் சில தமிழ்நாட்டிலும் ஒன்று ஆந்திராவிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான். கோடு மாறியது அரசாங்கக் கணக்கில்தான். குடும்பம் பிரியவில்லை, சொத்தும் பிரியவில்லை.

2. கோவிந்தன் 1984-ல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அவர் மனைவி 1992-ல் காலமானார். அவர்களுக்கு ஏழுமலை, வாதி, வள்ளி, 7-ம் பிரதிவாதி என நான்கு பிள்ளைகள். நான்கு பேரும் 9.9.2005 அன்று உயிரோடு இருந்தார்கள். மூத்தவர் ஏழுமலை 2011-ல் உயில் எழுதாமல் காலமானார். 1 முதல் 3 பிரதிவாதிகள் அவர் வாரிசுகள். வள்ளி 2019-ல் உயில் எழுதாமல் காலமானார். 4 முதல் 6 பிரதிவாதிகள் அவர் வாரிசுகள்.

3. தகப்பனார் காலத்துக்குப் பிறகு ஏழுமலைதான் குடும்பத் தலைவராக இருந்து நிலத்தையும் தறியையும் நிர்வகித்தார். ஆண்டுதோறும் வேர்க்கடலை மூட்டையும் தோப்பு மாங்காயும் வாதி வீட்டுக்கும் வள்ளி வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தன. பொங்கல் சீரும் தவறியதில்லை. பெண்களுக்குக் கொடுக்கும் தயவாக ஏழுமலை அதைச் சொன்னதே இல்லை. குடும்ப வருமானத்தில் அவர்களுக்கும் உள்ளது என்றே கொடுத்தார். அவர் இறந்த பிறகு நிர்வாகம் 7-ம் பிரதிவாதி கைக்குப் போனது. முதல் சில ஆண்டுகள் அவரும் அப்படியே செய்தார், அப்புறம் நிறுத்திவிட்டார்.

4. தாவா வீட்டிலுள்ள தறிக்கொட்டகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாதி சிறுமியாக இருந்தபோது அங்கே கைத்தறிதான். பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் வாதியும் வள்ளியும் தார் சுற்றினார்கள். அந்தக் கைத்தறி வருமானமும் கடலை வருமானமும் சேர்த்து 1996-ல் நான்கு விசைத்தறிகள் வாங்கப்பட்டன. 7-ம் பிரதிவாதி அவற்றைத் தன் சுயசம்பாத்தியம் என்கிறார். வாங்கிய காலத்தில் அவருக்குக் குடும்பத் தொழிலைத் தவிர வேறு வருமானம் இல்லை.

5. 2023 டிசம்பரில் வாதி வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தார். 7-ம் பிரதிவாதி 14.6.2023 அன்று ‘அ’ அட்டவணை 1-வது சொத்து முழுவதையும் தன் மகன் 8-ம் பிரதிவாதிக்குத் தானமாகச் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தைத் தனக்கே சொந்தம் என்று சொல்லி ஒரு பங்காளி தானம் கொடுக்க முடியாது. அந்தப் பத்திரம் வாதியின் பங்கையோ மற்றக் கிளைகளின் பங்கையோ கட்டுப்படுத்தாது. 8-ம் பிரதிவாதிக்கும் குடும்ப விஷயம் முழுவதும் தெரியும். தெரியாமல் பெற்றவர் என்று அவர் சொல்ல இடமில்லை.

6. வாதி 8.1.2024 தேதியிட்ட வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிப் பங்கு கேட்டார். 7, 8 பிரதிவாதிகள் 29.1.2024 தேதியில் பதில் அனுப்பினார்கள். அதில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. 1998-லேயே ஏழுமலையும் 7-ம் பிரதிவாதியும் வாய்மொழியாகக் கூறு செய்து கூர்சீட்டு எழுதிக்கொண்டார்கள் என்பது ஒன்று. வாதிக்கு 1979-லேயே கல்யாணம் ஆகிவிட்டதால் பங்கு இல்லை என்பது மற்றொன்று.

7. கூர்சீட்டு பற்றி: அப்படி ஒரு கூறு நடக்கவே இல்லை. 2015-ல் எடுத்த பட்டா நகலில் ‘அ’ 1, 2 சொத்துகள் ஏழுமலை, தணிகாசலம் இருவர் பெயரிலும் கூட்டாகவே இருக்கின்றன. பதில் அறிவிப்பின்படி ஆந்திரத் தோப்பு ஏழுமலை பங்குக்குப் போனதாம். ஆனால் அங்கே அடங்கலிலும் 1-பி பதிவேட்டிலும் இன்றுவரை கோவிந்தன் பெயரே உள்ளது. 2021-ல் தோப்பைக் குத்தகைக்கு விட்டு ரூ.1,10,000 வாங்கியவரும் 7-ம் பிரதிவாதிதான். பிரிந்துபோன சொத்தின் குத்தகையை இவர் ஏன் வாங்க வேண்டும்? இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 6(5) 20.12.2004-க்கு முன் நடந்த பிரிவினையைக் காப்பாற்றுகிறது என்றாலும், அங்கே பிரிவினை என்பது பதிவான பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை மூலம் நடந்ததைத்தான் குறிக்கும். கையெழுத்துத் தாள் ஒன்றை இப்போது காட்டுவது அதற்குப் போதாது.

8. கல்யாணம் பற்றி: தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 25.3.1989-க்கு முன் மணமான மகள்களை விலக்கியது உண்மை. ஆந்திரத் திருத்தமும் முன்பே மணமானவர்களை விலக்கியது. வாதி இதை மறைக்கவில்லை. ஆனால் 9.9.2005 முதல் நடைமுறையில் உள்ள மத்தியத் திருத்தச் சட்டம் (39/2005) மகளை மகனைப் போலவே பிறப்பால் பங்காளியாக்கியது. மணமானவர், மணமாகாதவர் என்ற பேதம் அதில் இல்லை. அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வினிதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் 11.8.2020 அன்று தீர்ப்பளித்துள்ளது. தகப்பனார் இறந்தபோது சட்டம் கற்பனையாகக் கொள்ளும் பிரிவினை, உண்மையில் சொத்து பிரிந்ததாகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வாதி மாமியார் வீட்டுக்குப் போனதால் பிறந்த வீட்டுக்கு அந்நியராகிவிடவில்லை.

9. பங்கு விவரம். நான்கு கிளைகளுக்கும் தலா 1/4. தாயார் வழியில் வரக்கூடியதும் இதே நால்வருக்குச் சமமாகப் போவதால் கணக்கு மாறாது.

ஏழுமலை கிளை: ஏழுமலை, 2, 3 பிரதிவாதிகள் மூவரும் பங்காளிகள் என்பதால் 1/4-ல் ஆளுக்கு 1/12. ஏழுமலையின் 1/12, அவர் மறைவால் 1, 2, 3 பிரதிவாதிகளுக்கு ஆளுக்கு 1/36 வீதம் வரும். ஆக 1-ம் பிரதிவாதிக்கு 1/36, 2-ம் பிரதிவாதிக்கு 4/36, 3-ம் பிரதிவாதிக்கு 4/36. இந்தக் கிளைக்கு மொத்தம் 9/36.

வாதி கிளை: வாதிக்கு மட்டும் 9/36.

வள்ளி கிளை: பிரிவு 15(1)-ன்படி கணவருக்கும் இரு பிள்ளைகளுக்கும் சமமாக, 4, 5, 6 பிரதிவாதிகளுக்குத் தலா 3/36. மொத்தம் 9/36.

தணிகாசலம் கிளை: 7, 8 பிரதிவாதிகளுக்குக் கூட்டாக 9/36. அவர்களுக்குள் பிரித்துக்கொள்வது அவர்கள் விருப்பம்.

10. 1 முதல் 6 பிரதிவாதிகள்மேல் வாதிக்குக் குறை எதுவும் இல்லை. பங்காளிகள் எல்லோரும் தரப்பினராக இருந்தால்தான் பிரிவினை முழுமையாகும் என்பதால் அவர்களைச் சேர்த்திருக்கிறார். அவர்களும் கேட்டால், உரிய கட்டணம் பெற்று அவர்கள் பங்கையும் பிரித்துக் கொடுக்கலாம்.

11. வழக்கு மூலம் 14.6.2023 அன்று செட்டில்மென்ட் எழுதப்பட்டபோதும், 29.1.2024 அன்று பங்கு மறுக்கப்பட்டபோதும் பொதட்டூர்பேட்டையில் எழுந்தது. ‘அ’ அட்டவணைச் சொத்துகள் இந்நீதிமன்ற எல்லைக்குள் உள்ளன. ‘ஆ’ அட்டவணைச் சொத்து ஆந்திராவில் இருந்தாலும், அதே குடும்பத்தின் அதே பிரிவினை என்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 17-ன்படி ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்க இந்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தெலுங்கில் உள்ள அடங்கல், 1-பி நகல்கள் தமிழ் மொழிபெயர்ப்புடன் தாக்கல் செய்யப்படுகின்றன. இதே பரிகாரம் கேட்டு வேறு வழக்கு எதுவும் இல்லை.

12. தாவா சொத்துகளின் சந்தை மதிப்பு ரூ.96,00,000. வாதியின் 1/4 பங்கு ரூ.24,00,000, நீதிமன்ற அதிகார வரம்புக்கு இதுவே மதிப்பு. வாதி சட்டப்படி கூட்டு அனுபவத்தில் இருப்பதால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955, பிரிவு 37(2)-ல் கண்ட நிலைக் கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது. நிரந்தரத் தடைக்குத் தனியே கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது.

ஆகவே வாதி வேண்டும் பரிகாரம்:

(அ) தாவா சொத்துகளை 36 பாகங்களாக்கி அதில் 9 பாகம் வாதிக்கு உண்டென முதல்நிலைத் தீர்ப்பாணை வழங்கி, ஆணையர் மூலம் நல்லது கெட்டது சமமாகப் பார்த்து, எல்லை அளந்து, தனிச் சுவாதீனம் கொடுக்கவும்;

(ஆ) 14.6.2023 தேதியிட்ட செட்டில்மென்ட் பத்திரம் வாதியின் பங்கைக் கட்டுப்படுத்தாது என விளம்புகை செய்யவும்;

(இ) வழக்குத் தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும், சுவாதீனம் கொடுக்கும் வரைக்கும் 7, 8 பிரதிவாதிகளிடமிருந்து வருமானக் கணக்கும் வாதியின் பங்குத் தொகையும் பெற்றுத் தரவும்;

(ஈ) பிரிவினை முடியும் வரை தாவா சொத்துகளை 7, 8 பிரதிவாதிகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என நிரந்தரத் தடை விதிக்கவும்;

(உ) செலவுத் தொகை வழங்கவும், நீதிமன்றம் தக்கதெனக் கருதும் பிற பரிகாரம் தரவும் வேண்டுகிறார்.

சொத்து விவரம்

‘அ’ அட்டவணை: திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டம், பள்ளிப்பட்டு சார்பதிவகம், பொதட்டூர்பேட்டை

1. சர்வே எண் 114/2, புஞ்சை 2 ஏக்கர் 40 சென்ட், அதிலுள்ள கிணறும் மின்மோட்டார் இணைப்பும் உட்பட. கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே 114/1, வடக்கே ஓடை, தெற்கே 115 நிலம். ரூ.24,00,000.

2. சர்வே எண் 131/1பி, ஏரிப் பாசன நஞ்சை 1 ஏக்கர் 10 சென்ட். கிழக்கே ஏரிக் கால்வாய், மேற்கே 131/1ஏ, வடக்கே வரப்பு வழி, தெற்கே 132 நிலம். ரூ.16,50,000.

3. நெசவாளர் தெருவில் 2,400 சதுர அடி மனை, ஓட்டு வீடு, பின்கட்டில் தறிக்கொட்டகை. கிழக்கே தெரு, மேற்கே பொதுச் சந்து, வடக்கும் தெற்கும் பிறர் வீடுகள். ரூ.21,50,000.

‘ஆ’ அட்டவணை: ஆந்திர மாநிலம், சித்தூர் மாவட்டம், நகரி மண்டலம், நகரி சார்பதிவகம், ஏகாம்பரகுப்பம்

சர்வே எண் 87/3, மாந்தோப்பு 3 ஏக்கர் 20 சென்ட், காய்ப்பு மரங்கள் உட்பட. கிழக்கே 87/4, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே 86 நிலம், தெற்கே புறம்போக்கு ஓடை. ரூ.32,00,000.

‘இ’ அட்டவணை: அசையும் சொத்து

‘அ’ 3-ல் கண்ட கொட்டகையிலுள்ள நான்கு விசைத்தறிகள், மோட்டார்களுடன். தாயார் வைத்திருந்த வெண்கல அண்டா இரண்டு, பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. ரூ.2,00,000.

மெய்ப்பிப்பு

மேலே 1 முதல் 6 பத்திகளில் சொன்னவை என் சொந்த அறிவில் உண்மையானவை. 7 முதல் 12 பத்திகளிலுள்ள ஆவண விவரங்களும் சட்ட விவரங்களும் என் வழக்கறிஞர் சொல்லக் கேட்டு நான் உண்மையென நம்புபவை. பிராது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. 18.3.2024 அன்று திருத்தணியில் கையெழுத்திட்டேன்.

சரோஜா, வாதி